முதலிடத்துப் படத்துக்கு எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள்?

'எல்லாக் காலத்துக்குமான சிறந்த 100 படங்கள்' என்று ஒரு பட்டியல் வந்தால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். பார்த்தவற்றுக்கு டிக் போட்டு, 'நான் 37 பார்த்திருக்கிறேன்' என்று கணக்குச் சொல்லுவோம். மீதியை மேலிருந்து கீழாகப் பார்த்து முடிக்கத் திட்டம் போடுவோம். அந்தத் திட்டம் பெரும்பாலும் மூன்றாவது படத்தில் நின்றுவிடும். பட்டியல் எப்படித் தயாரானது என்று தெரிந்துகொண்டால் இந்தச் சிக்கல் வராது.

உலகில் அதிகம் பேசப்படும் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் நடத்தும் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை, 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. ஒவ்வொருவரும் பத்துப் படங்களைச் சொல்ல வேண்டும். அந்தப் பத்துக்குள் வரிசை கிடையாது. ஒரு படத்துக்கு ஒரு ஓட்டு, அவ்வளவுதான்.

2022 வாக்கெடுப்பில் சாண்டல் அகர்மன் 1975இல் எடுத்த 'ழான் டீல்மன்' முதலிடம் பிடித்தது. 'உலக விமர்சகர்கள் இதுதான் உலகின் மிகச் சிறந்த படம் என்று தீர்ப்பளித்துவிட்டார்கள்' என்று பேச்சு கிளம்பியது, சண்டையும் கிளம்பியது. ஆனால் கணக்கைப் பாருங்கள். வாக்களித்தவர்கள் 1,639 பேர். அந்தப் படம் பெற்றது 215 ஓட்டு. நூற்றுக்குப் பதின்மூன்று பேர்தான் தங்கள் பத்தில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். மீதி 87 பேரின் பத்தில் அது இல்லை. அவர்களுக்குப் படம் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. பதினோராவதாக நினைத்திருக்கலாம், பார்க்காமலே இருந்திருக்கலாம். அந்தப் பதின்மூன்று பேரிலும், இதுவே தன் முதல் தேர்வு என்று எத்தனை பேர் நினைத்தார்கள் என்பதை இந்த முறையில் கண்டுபிடிக்கவே முடியாது. ஆக, முதலிடம் என்பது ஒருமித்த தீர்ப்பு அல்ல. சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான ஓட்டுகளில் மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிய குவியல்.

அடுத்த தவறு, ஒரு படம் இறங்கினால் அதன் மதிப்பே குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்வது. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' 191 ஓட்டுகளோடு முதலிடத்தில் இருந்தது. 2022இல் இரண்டாமிடம். ஆனால் அப்போது அது வாங்கிய ஓட்டு 208, அதாவது முன்பைவிடக் கூடுதல்! நடந்தது என்னவென்றால், வாக்காளர் எண்ணிக்கை 846இலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. புதிதாக வந்தவர்கள் வேறு படங்களைக் கொண்டுவந்தார்கள். 2012இன் முதல் நூறில் பெண்கள் இயக்கியவை இரண்டே இரண்டு: ஒன்று 'ழான் டீல்மன்', இன்னொன்று கிளேர் டெனியின் 'போ த்ரவாய்'. பத்தாண்டு கழித்து முதல் படம் 36ஆம் இடத்திலிருந்து ஒன்றுக்கும், இரண்டாவது 78இலிருந்து ஏழுக்கும் ஏறின. படங்களில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. மாறியது, யாரைக் கேட்டார்கள் என்பதும், இடைப்பட்ட காலத்தில் எதைப் பற்றி அதிகம் பேசினார்கள் என்பதும்தான்.

விதி மாறினாலும் வரிசை மாறும். இதற்கு நல்ல உதாரணம் 'காட்ஃபாதர்'. 2002இல் முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் விழுந்த ஓட்டுகளை ஒன்றாகச் சேர்த்து எண்ணினார்கள், நான்காமிடம் கிடைத்தது. 2012இல் 'இனி தனித்தனிப் படம்' என்றார்கள். முதல் பாகத்துக்கு 43, இரண்டாம் பாகத்துக்கு 38. முறையே 21, 31 என்று இறங்கி, இரண்டுமே முதல் பத்திலிருந்து வெளியேறின. அந்த ஆண்டு பத்தாமிடத்துக்கு வந்த படம் வாங்கியது 64 ஓட்டு. இரண்டு பாகங்களுக்கும் ஓட்டுப் போட்டவர்கள் சிலர் இருந்திருப்பார்கள் என்பதால் 81 என்று நேராகக் கூட்டிவிட முடியாது; ஆனாலும் பழைய விதி இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நிறைய நல்ல படங்கள் எடுத்த இயக்குநர்களுக்கும் இதே தொல்லைதான். ரசிகர்களின் ஓட்டு நாலைந்து படங்களுக்குப் பிரிந்துபோகும். ஒரே ஒரு பெரும்படைப்பு கொடுத்தவர் முந்திவிடுவார்.

இதனால்தான் பட்டியலின் அடிப்பகுதியில் வரும் எண்களை நான் பொருட்படுத்துவதே இல்லை. 2022இல் 95ஆம் இடத்தை மட்டும் ஆறு படங்கள் பகிர்ந்துகொண்டன. பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' என்ற மௌனப் படமும், 2017இல் வந்த 'கெட் அவுட்' என்ற திகில் படமும் அதில் அடக்கம். நூறுக்குள் வராத படம் தகுதியில்லாதது என்று பேசுவது, இன்னும் சிலரைக் கேட்டிருந்தால் மாறியிருக்கக்கூடிய எல்லைக்கோட்டைக் கல்வெட்டாக நினைப்பதுதான்.

'புதுப் படங்களை எல்லாம் சேர்த்துப் பட்டியலைக் கெடுத்துவிட்டார்கள்' என்ற புலம்பலையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். 1952இன் முதல் பட்டியலில் முதலிடம் பெற்ற 'பைசிக்கிள் தீவ்ஸ்' அப்போது நான்கு வயதே ஆன படம். பின்னர் ஐந்து வாக்கெடுப்புகளில் தொடர்ந்து முதலிடத்தில் இருந்த 'சிட்டிசன் கேன்' அந்த முதல் பத்தில் இல்லவே இல்லை.

ரசிகர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி இணையதளத்தின் முதல் 250 படங்கள் பட்டியல் கேட்பது வேறு கேள்வி. அங்கே பார்த்தவர்கள் ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் தருகிறார்கள். பிடிக்காதவர் போடும் ஒன்று, சராசரியை இழுத்துவிடும். ஆகவே பெரும்பாலானோருக்குப் பிடித்து, யாரையும் பெரிதாக எரிச்சலூட்டாத படம் மேலே வரும். 'சைட் அண்ட் சவுண்ட்' முறையில் வெறுப்புக்கு ஓட்டே இல்லை. பாதிப் பேரைத் தூங்க வைத்தாலும் கொஞ்சம் பேரை உலுக்கிவிட்டால் போதும். ஐஎம்டிபியில் உச்சியில் இருக்கும் 'ஷாஷாங் ரிடெம்ப்ஷன்' 'சைட் அண்ட் சவுண்ட்' முதல் நூறில் இல்லை. இதில் எந்தப் பட்டியலும் பொய் சொல்லவில்லை.

சரி, அப்படியானால் எங்கே தொடங்குவது? நிச்சயமாக ஒன்றாம் எண்ணிலிருந்து அல்ல. 'ழான் டீல்மன்' 201 நிமிடம். கணவனை இழந்த ஒரு பெண்ணின் மூன்று நாள் வீட்டு வேலைகளை நகராத கேமரா முழுதாகக் காட்டுகிறது. உருளைக்கிழங்கு உரிப்பதும் அப்படியே வரும். முதலிடம் என்பதற்காக மட்டும் உட்காருபவர் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அதே பட்டியலில் நான்காமிடத்தில் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' இருக்கிறது. அங்கேயும் கேமரா அநேகமாக அசையாது. ஆனால் பெற்றோர், பிள்ளைகள் என்று பற்றிக்கொள்ள ஒரு கதை உண்டு. அசையாத சட்டகத்துக்குக் கண் பழகிவிடும். அடுத்து, பட்டியலிலேயே இல்லாத ஒன்று: அகர்மன் பதினெட்டு வயதில் எடுத்த 13 நிமிடக் குறும்படம் 'சோத் மா வீல்'. ஓர் இளம்பெண், ஒரு சமையலறை, நிலைகுலையும் வீட்டு வேலை. அப்புறம் அந்த 201 நிமிடத்துக்குப் போனால், அதன் கதாநாயகி ஒரு பாத்திரத்தை மூட மறக்கும்போது உங்களுக்குப் பதற்றம் வரும். பிடித்துப்போனால் 52ஆம் இடத்தில் அகர்மனின் 'நியூஸ் ஃப்ரம் ஹோம்' காத்திருக்கிறது.

இப்படி வழி தேட, மொத்தப் பட்டியலைவிடத் தனிநபர் வாக்குச்சீட்டுகள் அதிகம் உதவும். வாக்களித்தவர்களின் பத்துப் படங்களையும் இன்ஸ்டிட்யூட் தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. உங்களுக்கு உயிரான, அதிகம் பேசப்படாத ஒரு படத்தைத் தேடி, அதற்கு ஓட்டுப் போட்டவர் யார் என்று பாருங்கள். அவருடைய மீதி ஒன்பதில் நீங்கள் கேள்விப்படாதவை எவையோ, அவற்றில் ஒன்றை இந்த வாரம் பார்க்கலாம்.