“பக்கல்” என்று வாசித்த பொடியன்: எழுத்துக்கூட்டலையும் பொருளையும் ஒன்றாகப் பழக்குவது எப்படி?

மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வருசம் ஒரு பொடியன் ஒரு பக்கம் முழுவதையும் பிழையில்லாமல் எழுத்துக்கூட்டி வாசித்தான். “மனே, இதுல என்ன சொல்லிக் கிடக்கு?” என்று கேட்டேன். “வாசிச்சிட்டனே ரீச்சர்” என்றான். அவனைப் பொறுத்தவரை வாசிப்பு என்றால் வாயால் ஓசை எழுப்புவது. அப்படித்தான் நானும் பழக்கியிருந்தேன்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். முதல் ஒரு மாதத்துக்கான வழி இதோ. பிள்ளையோடு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் இருந்தால் போதும்.

ஆறு எழுத்தோடு தொடங்குங்கள்

அ, ஆ, இ என்று வரிசையாகப் போனால் பொருளுள்ள சொல் கைக்கு வர நெடுநாள் ஆகும். நான் எடுப்பது ப, ம, ட, ல, ர, க என்ற ஆறு எழுத்துகள், கூட ஆகாரக் கால், புள்ளி. இவ்வளவிலேயே மரம், படம், பாடம், பட்டம், கல், கால், பல், பால், கடல், பகல், பக்கம், காகம், பாலம், பாரம், காலம் எல்லாம் வந்துவிடும். பிள்ளை பேச்சில் அறிந்த சொற்களையே எடுங்கள். “மடல்” என்பதையும் இதே எழுத்துகளால் எழுதலாம், ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வெறும் ஓசை. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

சொற்களைத் துண்டு அட்டைகளில் எழுதுங்கள். படம் வரைய வேண்டாம். படம் பக்கத்தில் இருந்தால் பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் படத்தைச் சொல்லிவிடும், வாசித்துவிட்டது என்று நாமும் ஏமாந்துபோவோம்.

புள்ளியைத் தனியாக வாசிக்க விடாதீர்கள்

நாம் மெய்யெழுத்தை “இம்”, “இல்” என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். எழுத்தின் பெயராக அது சரி. ஆனால் பிள்ளை “ப, ட, இம்” என்று மூன்றையும் அடுக்கிச் சொன்னால் அதில் படம் என்ற சொல் எங்கே கேட்கும்? நடுவில் இல்லாத ஒரு “இ” வந்து குந்திக்கொள்கிறது. அதனால் புள்ளி எழுத்தை முன் எழுத்தோடு சேர்த்தே விரலால் காட்டுங்கள்: ப, டம். பா, லம். கல் என்றால் ஒரே இழுவை. விரல் எழுத்தின் கீழே நிற்காமல் நகரவேண்டும், குரலும் அறாமல் கூடவே போகவேண்டும்.

மெதுவாக ஒருதரம் சேர்த்தபின், “இப்ப பேசிற மாதிரிச் சொல்லுங்க” என்று கேளுங்கள். பொருள் உள்ளே வரும் இடம் இதுதான்.

பகலின் கதை

அதே பொடியனுக்கு “பகல்” அட்டையைக் காட்டினேன். ப, கல் என்று சேர்த்து, “பக்கல்” என்றான். எழுத்தில் அவன் பிழைவிடவில்லை என்றே சொல்லலாம். “கல்” என்ற சொல்லில் க வல்லோசை, அதை அப்படியே இங்கே கொண்டுவந்தான். தமிழில் க, ப போன்ற எழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில் வரும்போதும், க, ட, ப போன்றவை இரட்டிக்கும்போதும் வன்மையாக ஒலிக்கும், இரண்டு உயிரோசைக்கு நடுவில் வந்தால் மென்மையாகும். பட்டத்தில் வரும் ட வேறு, படத்தில் வரும் ட வேறு. இந்த விதியை ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் பிள்ளைக்கு நித்திரைதான் வரும்.

நான் திருத்தவில்லை. “பக்கல் எண்டு ஒரு சாமான் கேள்விப்பட்டிருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். “அப்ப நடு எழுத்தக் கொஞ்சம் மென்மையாச் சொல்லிப் பாருங்க.” இரண்டுதரம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். பிறகு, “பகல்! ரா, பகல்!” என்று கத்தினான். எந்த ஓசை சரி என்பதை எழுத்து அவனுக்குச் சொல்லவில்லை, அவன் ஏற்கெனவே அறிந்திருந்த சொல்தான் சொன்னது. பொருளைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தால் பிள்ளைக்கு இந்தத் துணை இல்லாமல் போகும்.

பிழையாக வாசித்ததும் உடனே சரியான சொல்லை எடுத்துக்கொடுக்காதீர்கள். பத்து விநாடி பொறுங்கள். எனக்கு இதுதான் ஆகக் கஷ்டமாக இருந்தது.

பொருளைக் கேட்கும் விதம்

“இதுக்குக் கருத்து என்ன?” என்று கேட்டால் பெரியவர்களே திணறுவார்கள். செய்துகாட்டச் சொல்லுங்கள்: பல், கால் என்றால் தொடவேண்டும், கல் என்றால் முற்றத்தில் போய் எடுத்துவரவேண்டும். கல்லையும் காலையும் பிரிப்பது ஒரு கோடுதான். கால் அட்டைக்குக் கல்லைக் கொண்டுவந்தால் பிள்ளை அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு ஒரு கேள்விக்கு விடையை அட்டையில் தேடவிடுங்கள். “கல்லடியில வாவிக்கு மேலால என்ன போகுது?” என்று கேட்டு, பாலம், பாரம், காலம் என்று மூன்று அட்டையை வையுங்கள். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் ஊகம் இங்கே எடுபடாது. எழுத்தையும் பார்க்கவேண்டும், கேள்வியையும் விளங்கவேண்டும்.

ஒருமுறை கல்முனைப் பக்கம் ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன். “காக்கா” அட்டையை வாசித்த ஒரு பிள்ளையிடம், “எங்க காட்டுங்க பார்ப்பம்” என்றேன். நான் வேலியில் இருந்த காகத்தை நினைத்துக்கொண்டு கேட்க, அவள் தெருப்பக்கம் கையைக் காட்டி, “பள்ளிக்குப் போயிட்டாரு” என்றாள். முஸ்லிம் வீடுகளில் காக்கா என்றால் அண்ணன். பிழை அவளுடையதல்ல. இப்போது பறவைக்குக் “காகம்” என்ற அட்டையை மட்டும் வைத்திருக்கிறேன்.

எழுத்துத் தமிழ் குறுக்கிடும்போது

மாதம் ஒன்று போய், வசனம் தொடங்கியதும் வேறொரு சிக்கல் வரும். “தம்பி வருகிறான்” என்று பிள்ளை சரியாக வாசிக்கும், ஆனால் முகத்தில் ஒரு விளக்கமும் இராது. வீட்டில் யாரும் வருகிறான் என்று சொல்வதில்லை, “வாறான்” என்றுதான் சொல்வார்கள். ஆகவே ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு, “இத வீட்டுல எப்பிடிச் சொல்லுவீங்க?” என்று கேளுங்கள். “தம்பி வாறான்” என்று வந்தால் விளங்கிவிட்டது. அதைக் கொச்சை என்று திருத்தப் போகாதீர்கள்.

எங்கே தடை என்று பார்க்க

1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசித்து விளங்குவதை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை ஓசையாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியை விளங்கும் திறன் மறுபக்கம். எது சுழியமானாலும் விடை சுழியம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பிள்ளை வாசித்தும் விளங்காத வசனத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, அதே கேள்வியைக் கேளுங்கள். கேட்டதும் பதில் வந்தால் சொல் பிள்ளைக்குத் தெரியும். எழுத்துக்கூட்டுவதிலேயே கவனமெல்லாம் போய்விடுகிறது என்று அர்த்தம், அதே அட்டைகளை இன்னும் சில நாள் ஓட்டுங்கள். நீங்கள் வாசித்தும் விளங்காவிட்டால் எழுத்தோடு மினக்கெட்டுப் பயனில்லை. அட்டையை மூடிவைத்துவிட்டு அந்தப் பொருளைக் காட்டி, அதைப்பற்றி நாலு வார்த்தை கதைத்துவிட்டு, அடுத்த நாள் அதே வசனத்துக்கு வாருங்கள்.