விலை இறங்கியதா? கிரெடிட் நோட் கேளுங்கள்

ஒயர் கம்பெனி லிஸ்ட் விலையைக் குறைத்துவிட்டால், அன்றைக்கே கடையில் விற்காமல் இருக்கும் காயில்களை எண்ணி, இன்வாய்ஸ் எண்ணோடு டீலருக்கு மெயில் அனுப்புங்கள். தாமதித்தால் கையிருப்பை நம்ப மாட்டார்கள். விற்றுப்போனதற்குக் கேட்டாலும் பொதுவாகக் கிடைக்காது.

லிஸ்ட் வித்தியாசத்தை அப்படியே கேட்காதீர்கள். 2,000 ரூபாய் காயில் 1,850 ஆகிறது, உங்களுக்கு 40% தள்ளுபடி என்றால், அடக்கம் 1,200-லிருந்து 1,110. வித்தியாசம் 90 ரூபாய்தான். 26 காயிலுக்கு 2,340.

அப்புறம், கிரெடிட் நோட்டில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 18% சேர்த்துத் தந்தால், அந்த 421.20 ரூபாயை உங்கள் உள்ளீட்டு வரி வரவில் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆடிட்டரிடம் மறக்காமல் காட்டுங்கள். விலைப் பாதுகாப்பு பற்றி முன்பே எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் இது டீலரின் விருப்பம்தான்; அடுத்த ஆர்டரோடு சேர்த்துப் பேசினால் மசிவார்.