பட்டா கேட்டால் பட்டயம் வரும்: எல்லைக்கு அப்பால் வீடு வாங்குவோர் விற்பவரிடம் கேட்கத் தவறும் தாள்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பகுதிகளில் முதன்முறையாக வீடு வாங்கும் தமிழர்கள் வங்கிக் கடனுக்குத் தங்கள் பக்கத்துத் தாள்களை ஒழுங்காகவே திரட்டிவிடுகிறார்கள். ஆதார், பான், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, படிவம் 16 அல்லது இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கு ஆகியவை ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். கோப்பு நின்றுபோவது விற்பவர் தர வேண்டிய தாள்களில்தான். அவற்றின் பெயர்கள் மலையாளத்தில் இருப்பதும், சில சொற்கள் தமிழைப் போலவே ஒலித்து வேறு பொருள் தருவதும் இந்தச் சிக்கலைக் கூட்டுகின்றன.

விற்பவரிடமிருந்து வர வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பெயரில் உள்ள கிரயப் பத்திரத்தின் அசல், அதாவது ஆதாரம். அதற்கு முந்தைய பத்திரங்களாகிய முன்னாதாரங்கள். நடப்பு நிதியாண்டுக்கு நிலவரி கட்டிய ரசீது, அதாவது கரச்சீட்டு. கிராம அலுவலகம் தரும் கைவசச் சான்றும் இடச் சான்றும். குடிக்கடச் சான்று எனப்படும் வில்லங்கச் சான்று. வீடு இருந்தால் ஊராட்சி தந்த கட்டட அனுமதி, வரைபடம், உடைமைச் சான்று, கட்டட வரி ரசீது. இவற்றில் வில்லங்கச் சான்றை வாங்குபவரே விண்ணப்பித்துப் பெற முடியும். கைவசச் சான்றையோ உடைமைச் சான்றையோ உரிமையாளர் பெயரில்தான் பெற முடியும் என்பதால், விற்பவர் அரசுச் சேவை விண்ணப்பங்களை வாங்கும் அக்ஷயா மையத்துக்குப் போக மனம் வைக்காதவரை உங்கள் கோப்பு அசையாது.

முதல் தவறு, பட்டா கேட்பது. தமிழ்நாட்டில் பட்டா என்பது உரிமையாளர் மாறும்போதெல்லாம் பெயர் மாறும் வருவாய்த் துறைப் பதிவு. கேரளத்தில் பட்டயம் என்பது பெரும்பாலும் ஒருமுறை வழங்கப்பட்டதோடு முடிந்துபோன ஆவணம். ஜன்மி எனப்பட்ட நிலப்பிரபுவிடம் குத்தகையாக இருந்த நிலங்களின் உரிமை 1970 ஜனவரி 1 முதல் அரசிடம் சேர்ந்தபின், நிலத் தீர்ப்பாயத்தின் வழியாகக் குத்தகைதாரர் பெற்ற கிரயச் சான்றை மக்கள் பட்டயம் என்கிறார்கள். அரசு நிலத்தை ஒதுக்கிக் கொடுத்த ஆவணத்துக்கும் அதே பெயர்தான். ஆகவே நீங்கள் பட்டா கேட்டால், விற்பவர் தம் தாத்தா காலத்துத் தாள் ஒன்றை எடுத்து நீட்டுவார். அல்லது அது தம்மிடம் இல்லை என்று கைவிரிப்பார். முந்தைய உரிமை குத்தகையிலிருந்து வந்ததாக இருந்தால், வங்கி வழக்கறிஞர் அந்தத் தாளையும் கேட்பார் என்பதால் அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ஆனால் நீங்கள் பட்டா என்று எண்ணித் தேடிய பொருள் அதுவல்ல.

நம் பட்டா மாறுதலுக்கு இணையாக அங்கே நடப்பது போக்குவரவு. அது நடந்து முடிந்தால் புதிய உரிமையாளருக்குத் தண்டப்பேர் எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணில், அவர் பெயரிலேயே கரம் கட்டலாம். விற்பவர் காட்டும் கரச்சீட்டில் அவருடைய காலஞ்சென்ற தகப்பனார் பெயர் இருந்தால், கரம் தவறாமல் கட்டப்பட்டிருந்தாலும், போக்குவரவு நடக்கவில்லை என்று பொருள். வாரிசுச் சான்றில் தொடங்கி எல்லா வாரிசுகளும் கையெழுத்திடுவது வரை பல வேலைகள் மீதமிருக்கும். அவையனைத்தும் விற்பவர் குடும்பத்தின் வேலைகள். வாங்குபவர் அங்கே காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது தவறுதான் ஆளைக் கவிழ்ப்பது. அதற்குக் காரணம் 'நிலம்' என்ற ஒரே சொல். தமிழில் நிலம் என்றால் நிலம்தான். எந்த நிலமும் நிலமே. கேரள வருவாய்ப் பதிவில் அந்தச் சொல் நெல்வயலைக் குறிக்கும். வீடு கட்டத் தகுந்த மனை அங்கே 'புரயிடம்'. அடிப்படை வரிப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் பி.டி.ஆர். என்று சொல்லும் பதிவேட்டில், இனம் என்ற இடத்தில் நிலம் என்று எழுதியிருந்தால், அந்த மண்ணில் பல ஆண்டுகளாகத் தென்னை நின்றாலும், ஓட்டு வீடு இருந்தாலும், பதிவின் கண்ணுக்கு அது வயலே. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தச் சொல்லின் கனம் கூடிவிட்டது. வங்கிகள் அதைக் கண்டால் கடனை நிறுத்திவைக்கின்றன.

என் அக்காள் மகன் வேலந்தாவளம் பக்கத்தில் 6 சென்ட் மனையும் சிறிய வீடும் பார்த்தான். விலை 32 லட்சம் ரூபாய். முன்பணம் 2 லட்சம் கொடுத்து, 90 நாட்களில் பத்திரப் பதிவு என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டான். ஆதாரத்தின் நகலை என்னிடம் கொண்டுவந்தபோது, சொத்து விவரத்தில் புரயிடம் என்றே எழுதியிருந்தது. பரப்பு 2 ஆர் 43 சதுர மீட்டர். ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40.47 சதுர மீட்டர் என்பதால் கணக்கு 6 சென்டுக்குச் சரியாகவே வந்தது. நானும் அத்தோடு திருப்தி அடைந்தேன். அது என் பிழை. பத்திரம் எழுதுபவர் தமக்குத் தெரிந்தபடி புரயிடம் என்று எழுதிவிடலாம். வருவாய்ப் பதிவேடு அதைப் பார்த்து மாறிக்கொள்வதில்லை.

இருபதாம் நாள் கைவசச் சான்று வந்தது. அதில் நிலத்தின் இனம் என்ற இடத்தில் 'நிலம்' என்று இருந்தது. அவன் அதைத் தமிழாக வாசித்து, எல்லாம் சரி என்று வங்கியில் கொடுத்துவிட்டான். வழக்கறிஞர் இரண்டே வரியில் பதில் எழுதினார்: இனம் மாற்றப்பட்ட உத்தரவு இல்லாமல் கடன் பரிந்துரைக்க இயலாது.

இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த மனை ஊராட்சியின் டேட்டா பேங்க் என்னும் நெல்வயல் பட்டியலில் இருக்கிறதா, அல்லது பி.டி.ஆரில் மட்டும் நிலம் என்று கிடக்கிறதா? பட்டியலிலேயே இருந்தால், அது தவறாகச் சேர்க்கப்பட்டது என்று காட்டி நீக்கக் கோரும் விண்ணப்பம் படிவம் 5. பட்டியலில் இல்லாமல் பதிவேட்டில் மட்டும் அப்படி இருந்தால், இனத்தை மாற்றக் கோரும் விண்ணப்பம் படிவம் 6. முதல் வகையில் வேளாண் அதிகாரியின் அறிக்கையும் நிலத்தின் பழைய நிலையும் கணக்கில் வரும். அதன் முடிவு எப்படி வரும் என்று யாரும் முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. இரண்டாம் வகை ஓரளவு எளிது, ஆனால் அதற்கும் மாதங்கள் ஆகும். இரண்டையும் வருவாய்க் கோட்ட அலுவலராகிய ஆர்.டி.ஓ. நிலை அதிகாரியிடம் உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். அதாவது, இன்னும் விற்றுமுடிக்காத விற்பவர்.

எங்கள் விஷயத்தில் மனை டேட்டா பேங்கில் இல்லை. படிவம் 6 போதுமானதாக இருந்தது. விற்பவருக்கோ அவசரம். 90 நாள் முடிந்ததும், நீங்கள்தான் பணம் கட்டத் தவறினீர்கள், முன்பணம் திரும்பாது என்றார். ஒப்பந்தத்தில் அவர் தர வேண்டிய தாள்கள் எவை, எந்தத் தேதிக்குள், வங்கி சட்டக் காரணத்தால் மறுத்தால் முன்பணம் என்னாகும் என்று ஒரு சொல்லும் இல்லாததால் அவர் பேச்சுக்கு இடமிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் இருவர் நடுவில் நின்று ஒப்பந்தக் காலத்தை நீட்டித்தார்கள். உத்தரவு கைக்கு வர மேலும் ஏழு மாதம் ஆனது. நகல் கையில் வருமுன் முன்பணம் கொடுத்ததுதான் இந்தக் கதையில் வேரான தவறு என்பது என் கருத்து. ஆதாரம், கரச்சீட்டு, பி.டி.ஆர். நகல் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, சர்வே எண், பரப்பு, இனம் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்திருந்தால் ஒரு மாலை நேரத்தில் தெரிந்திருக்கும்.

மூன்றாவது தவறு, தமிழ்நாட்டுப் பழக்கத்தால் வருவது. நம் பக்கம் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கினால், அந்த ஒப்படைப்பு ஆவணம் பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதனால் வில்லங்கம் சுத்தமாக இருந்தால் கடன் இல்லை என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். கேரளத்தில் அசல் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்து வாங்கும் கடன் பதிவில்லாமலே நடக்கக்கூடியது என்பதால், குடிக்கடச் சான்றில் அது தெரியாமலே போகலாம். கூட்டுறவு வங்கிக் கடன் மட்டும் இதற்கு நேர் எதிர்: அங்கே 'கஹான்' என்ற பெயரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பொறுப்புப் பதிவாகும், கடனைக் கட்டி முடித்த பின்னும் விடுவிப்புப் பதிவு செய்ய மறந்தால், குடிக்கடத்தில் அது தொங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே சான்று சுத்தமாக இருக்கிறது என்பதைக் காட்டிலும், அசல் ஆதாரம் விற்பவரின் கையில் இருக்கிறதா என்பதே நம்பத்தக்க சோதனை. நகலை மட்டும் காட்டி, அசல் அண்ணன் வீட்டில் இருக்கிறது என்று சொல்பவரிடம் வேறு எதையும் பேசாமல், அசலைப் பார்க்க ஒரு நாள் குறிக்கச் சொல்ல வேண்டும்.

விற்பவர் தமக்குக் கடன் இருப்பதை ஒப்புக்கொண்டால் அது பெரிய தடை அல்ல. அவருடைய வங்கியிலிருந்து இரண்டு தாள் வாங்கித் தரச் சொல்லுங்கள்: இன்ன தேதியில் முழுக் கடனையும் தீர்க்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கடிதம், தங்களிடம் உள்ள அசல் ஆவணங்களின் பட்டியல். அந்தப் பட்டியலை முன்னாதாரங்களோடு ஒப்பிட்டால், எது காணாமல் போயிருக்கிறது என்பதும் அப்போதே வெளிப்படும். உங்கள் வங்கி அந்தத் தொகையை விற்பவரிடம் தராமல் நேரே அவருடைய வங்கிக்கே செலுத்தும். கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் வங்கி ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தன்னால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவிட்டு, அது அந்த ஆண்டு டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது.

விற்பவர் வளைகுடா நாட்டில் இருந்து, மனைவியோ தம்பியோ முக்தியார், அதாவது அதிகாரப் பத்திரம், வைத்துக் கையெழுத்திடுவதும் இந்தப் பக்கத்தில் சாதாரணம். அந்த முக்தியார் இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்டதா, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டதா, சொத்தை விற்கவும் பணம் பெறவும் அதிகாரம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மூன்றையும் வங்கி பார்க்கும். வீட்டைப் பராமரிக்க மட்டும் எழுதிய முக்தியாரை வைத்துக் கிரயம் செய்ய வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவர்கள் வளைகுடாவுக்கே திரும்பக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தப் பத்திரத்தின் நகலையும், விற்பவர் உயிரோடு இருந்து முக்தியாரை ரத்துச் செய்யவில்லை என்பதற்கு அண்மைத் தேதியிட்ட உறுதிமொழியையும், முன்பணத்துக்கு முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.