இங்கிலாந்திலிருந்து ஊருக்குத் தீபாவளிப் பரிசு: எதை அனுப்பலாம், எப்போது தொடங்கலாம்

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இதைச் செப்டம்பரிலேயே படித்தால் நிதானமாகச் செய்யலாம். அக்டோபர் பாதியில் படிப்பவர்கள் மூன்றாவது படியிலிருந்து தொடங்குங்கள்.

என் ஊர் தென்காசி பக்கம். நான் இருப்பது கோவென்ட்ரியில். மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு ஸ்வெட்டர், அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, அக்கா பிள்ளைகளுக்கு சாக்லேட் என்று ஆறு கிலோ பெட்டி கட்டி அனுப்பினேன். தீபாவளி முடிந்து பதினேழாம் நாள்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு வழியை மாற்றிக்கொண்டேன், பரிசுகளை ஊர்க் கடைகளிலேயே இணையத்தில் வாங்கி வீட்டுக்குப் போகச் செய்கிறேன். இப்போது நான் செய்வது இதுதான்.

படி 1: இங்கிருந்து எதை அனுப்புவது

கடிதம் மட்டும். என் மகள் கைப்பட எழுதிய தமிழ்க் கடிதத்தைத்தான் ஒவ்வொரு வருஷமும் அனுப்புகிறேன். கடிதத்துக்குச் சுங்கப் படிவம் வேண்டாம், வரி கிடையாது. அம்மா அதைப் பூஜை அலமாரியில் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். அக்டோபர் முதல் வாரம் தபாலில் போட்டுவிடுங்கள்.

பொருளை ஏன் அனுப்பக் கூடாது என்று கேட்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சிறு பரிசுப் பொருளுக்கு இந்தியாவில் முன்பு வரிவிலக்கு இருந்தது. 2019 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். ராக்கிக் கயிறு, உயிர்காக்கும் மருந்து இரண்டுக்கும் மட்டுமே சலுகை மிச்சம். பெட்டியின் மேல் 'கிஃப்ட்' என்று எழுதிவிட்டால் வரி இல்லை என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய கதை. வரியைக் கட்ட வேண்டியதும் வாங்குபவர்தான், அதாவது உங்கள் அம்மா.

வாசனைத் திரவியத்தை இங்கிருந்து வெளிநாட்டுத் தபாலில் அனுப்ப அனுமதி இல்லை. பவர் பேங்கும் கூடாது. மின் சாதனம் எதுவானாலும் இங்குள்ள மூன்று சதுர முனை பிளக் ஊரில் வழக்கமான சாக்கெட்டில் ஏறாது. அப்பா அந்தக் கருவியை ஒரு மாதம் அடாப்டருக்காகப் பெட்டியிலேயே வைத்திருந்தார்.

படி 2: அப்படியும் பெட்டி அனுப்பியே ஆக வேண்டுமென்றால்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெட்டி இந்தியா வந்ததும் வாங்குபவரின் அடையாள ஆவணத்தைக் கூரியர்காரர்கள் கேட்பார்கள். கேஒய்சி என்பது இதுதான். அம்மாவின் போனுக்கு ஒரு சுட்டியோடு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. 'தெரியாத லிங்க் எதையும் தொடாதீங்கம்மா' என்று அவருக்கு அடித்து அடித்துச் சொல்லிவைத்தவனே நான்தான். அவரும் சொன்னபடி அழித்துவிட்டார். மறுபடி வந்தது, மறுபடி அழித்தார். பெட்டி பன்னிரண்டு நாள் சும்மா கிடந்தது.

பிறகு தம்பியை விட்டு ஆதாரைப் பதிவேற்றினோம். அப்போது இன்னொரு சிக்கல். பெட்டியில் நான் எழுதியது வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் இருப்பது வேறு பெயர். இரண்டும் பொருந்தவில்லை என்று திரும்பவும் நின்றது.

அதனால் மூன்று காரியம் செய்யுங்கள். ஆதாரில் உள்ள பெயரையும் முகவரியையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே பெட்டியில் எழுதுங்கள். அம்மாவின் எண்ணுக்குப் பதிலாக, வாட்ஸ்அப் பார்த்துப் பழகிய தம்பி, தங்கை யாருடைய எண்ணையாவது கொடுங்கள். பெட்டியை ஒப்படைத்த அன்றே கண்காணிப்பு எண்ணை அவர்களுக்கு அனுப்பி, 'இந்த எண்ணோடு செய்தி வந்தால் அது நம்முடையது' என்று சொல்லிவையுங்கள். ஆனாலும் சுட்டியைத் தொட வேண்டாம், அந்தக் கூரியரின் தளத்துக்கு நேராகப் போய் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'சுங்கத்தில் உள்ளது' என்ற நிலை மூன்று நாளுக்கு மேல் மாறாமல் இருந்தால் ஆவணத்துக்காக நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு உடனே விசாரியுங்கள்.

படி 3: பணம் கட்டும் வழி

ஊர்க் கடைகளின் தளங்கள் பலவற்றில் வெளிநாட்டு அட்டை ஏறாது. நான் யுபிஐ தான் பயன்படுத்துகிறேன். என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு இருந்தால் பிரிட்டன், கனடா, சிங்கப்பூர், அமீரகம் உள்ளிட்ட சில நாட்டு எண்களிலிருந்தே யுபிஐ வைத்துக்கொள்ள 2023 தொடக்கத்தில் வழி திறந்தார்கள். அந்த +44 எண்ணே வங்கியிலும் பதிவாகியிருக்க வேண்டும். எல்லா வங்கியும் இதைத் தருவதில்லை, முதலில் கேட்டுவிடுங்கள். 'பொருள் வந்ததும் பணம்' என்று மட்டும் போடாதீர்கள். அப்பா சட்டைப் பையைத் தடவுவதற்கா பரிசு அனுப்புகிறோம்?

படி 4: 10,000 ரூபாயைப் பிரிப்பது

போன வருஷம் நான் செலவழித்த கணக்கு இது. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு வழக்கமாக 30 சதவீதத் தள்ளுபடி இருக்கும். 2,700 ரூபாய் கண்டாங்கிச் சேலை 1,890க்கு வந்தது. அப்பாவுக்கு வேட்டி சட்டை 1,400. அக்கா சென்னையில் இருக்கிறாள், அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் உடுப்பு 2,400. அவளுக்குத் திருநெல்வேலி அல்வா ஒரு கிலோ கூரியரோடு 600. பட்டாசு 2,000, ரவிக்கைத் தையல் கூலி 500. மீதி 1,210 ரூபாயை அம்மா கணக்கிலேயே போட்டுவிட்டேன். லேகியச் சாமான், தபால்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுக்கும் இனாம் எல்லாம் அதில் அடங்கும். இந்தச் செலவை வெளிநாட்டில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறோம், பெற்றவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

இனிப்பில் என் விருப்பம் அல்வாதான். நெய்யில் கிண்டியது, இரண்டு மூன்று நாள் பயணம் அதை ஒன்றும் செய்யாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ருசியில் குறைந்ததில்லை, ஆனால் பால் பண்டம், சீக்கிரம் கெடும். பக்கத்து ஊருக்கு என்றால் மட்டும் அனுப்புங்கள்.

படி 5: தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சேலை எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதை முடிவு செய்பவர் தையல்காரர். எங்கள் ஊரில் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே 'இனி தீபாவளிக்குள்ள முடியாது' என்று துணி வாங்குவதை நிறுத்திவிடுவார். ஆக அக்டோபர் 10க்குள் சேலை வீட்டில் இருக்க வேண்டும், செப்டம்பர் கடைசியில் ஆர்டர் போட வேண்டும். தள்ளுபடி அறிவிக்கட்டும் என்று காத்திருந்து நாள் தள்ளினால் அம்மா பழைய ரவிக்கையோடுதான் புதுச் சேலை கட்டுவார். ரெடிமேட் உடுப்புக்கு அக்டோபர் 20 போதும், அளவு சரியில்லை என்றால் மாற்ற நாள் இருக்கும்.

அல்வாவுக்கு அக்டோபர் 29, 30 சரியாக இருக்கும். நவம்பர் முதல் வாரத்தில் கூரியர் அலுவலகங்களில் மூட்டை மூட்டையாகத் தேங்கிவிடும். 8ஆம் தேதி ஞாயிறு என்பதால் கடைசி நாள் விநியோகத்தை நம்பவே வேண்டாம்.

பின்சேர்க்கை: பட்டாசு

இரண்டு பேர் பட்டாசை இணையத்தில் ஆர்டர் போடலாமா என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். கூடாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணையவழிப் பட்டாசு விற்பனைக்குத் தடை போட்டது. விளம்பரம் பார்த்து ஒரு வாசகர் முன்பணம் கட்டி இழந்திருக்கிறார். கூரியரிலும் பட்டாசை ஏற்றக் கூடாது, வெடிபொருள். நான் தம்பிக்குப் பணம் போட்டுவிடுகிறேன். அவன் உரிமம் வாங்கிய கடையில் வீடியோ அழைப்பில் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக் காட்ட, என் மகள் இங்கிருந்து 'அந்தப் பச்சைக் கம்பி மத்தாப்பு' என்று தேர்ந்தெடுக்கிறாள். தீபாவளி அன்று அதே பெட்டியை அக்கா பிள்ளைகள் கேமரா முன்னால் பிரிக்கிறார்கள். ஊரில் இரவு ஏழு மணி என்றால் இங்கே பகல் ஒன்றரை. இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் என் மகளும் பள்ளிக்கூடம் இல்லாமல் வீட்டில் இருப்பாள்.