பரீட்சைக்கு முந்திய மாலை: ஆசிரியர் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர்கள், சாதாரண தரக் கணிதப் பரீட்சைக்கு முந்திய மாலையில் பிள்ளைகளிடம் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம், நான் முன்பு விட்ட பிழைகளே திரும்பவும் காதில் விழுகின்றன.

"இது கட்டாயம் வரும்" என்று சொல்லுதல்

இதை என்னால் இன்றும் பொறுக்க முடிவதில்லை. ஊக வினா வழங்குவதைப் பரீட்சைத் திணைக்களம் தடை செய்வது ஒருபுறமிருக்க, அந்த ஒரு வசனம் பிள்ளையின் இரவையே மாற்றிவிடுகிறது.

ஒரு வருடம் நானே, "வட்டத் தேற்ற நிறுவல் கட்டாயம் வரும், இன்றிரவு ஒருமுறை பாருங்கள்" என்று சொன்னேன். நிலாவெளியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி கேத்திரகணிதத்தில் தடுமாறுவாள். ஆனால் மீடிறன் பரம்பலில் இடையைக் காண்பதில் பிழையே விடமாட்டாள். அவள் தனக்குத் தெரிந்ததை மீட்டாமல், இரவு இரண்டு மணிவரை நிறுவல்களை மனனம் செய்திருக்கிறாள். மறுநாள் நிறுவல் வினா வந்தது. அதையே முதலில் எடுத்து 45 நிமிடம் போராடினாள். இரண்டாம் வினாத்தாளில் மூன்று மணித்தியாலத்தில் பத்து வினாக்கள் எழுத வேண்டும், அதாவது ஒன்றுக்கு 18 நிமிடம். அந்த ஒரு வினா ஏறத்தாழ இரண்டரை வினாக்களின் நேரத்தை விழுங்கியது. இடை பற்றிய வினாவைத் தொடவே நேரமில்லை.

"சேர், நீங்க சொன்னது வந்தது. ஆனா படம் வேற மாதிரி இருந்தது" என்று வினாத்தாளை நீட்டினாள். அதன் ஓரமெங்கும் வெட்டிய கோணக் குறிப்புகள். என் ஊகம் சரியாக இருந்தும் அவளுக்குக் கேடே விளைந்தது.

இப்போது நான் இவ்வளவுதான் சொல்கிறேன்: "முன்பு எழுதித் திருத்திய ஒரு வினாத்தாளை எடுத்து, சிவப்பு மையில் திருத்திய இடங்களை மட்டும் மீண்டும் செய்யுங்கள். பிறகு சூத்திரங்களைப் பாராமல் ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். புதிய கணக்கு வேண்டாம். ஒன்பதரைக்குக் கொப்பியை மூடுங்கள். நாளை மேலதிக வாசிப்பு நேரமான பத்து நிமிடத்தில், எந்த வினாக்களை எழுதுவது, எதை முதலில் எழுதுவது என்று தீர்மானியுங்கள்."

நீட்டிப் பேசுதல்

ஐந்து நிமிடம் போதும். மூதூருக்கும் நிலாவெளிக்கும் போகும் பிள்ளைகள் பேச்சுக்காக பஸ்ஸைத் தவறவிட்டால், மீட்டலுக்கு வைத்திருந்த நேரம் தரிப்பிடத்தில் கழிந்துவிடும்.

கடந்த வருடப் பெறுபேற்றை நினைவூட்டுதல்

வேண்டாம்.

எல்லோர் முன்னிலையிலும் சந்தேகம் தீர்த்தல்

ஒரு பிள்ளை கேட்கும் சந்தேகம், அதுவரை தெளிவாக இருந்த மற்றப் பிள்ளைகளையும் குழப்பும். கேட்பவரைத் தனியே அழைத்து, அந்த ஒரு படியை மட்டும் விளக்கி அனுப்புங்கள்.