இருப்புநிலைக் குறிப்பில் கடனைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்தால், இருப்புநிலைக் குறிப்பில் பெரும்பாலும் குழுமத்துக்கும் தாய் நிறுவனத்துக்கும் தனித்தனியே எண்கள் அருகருகே அச்சாகியிருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் தாய் நிறுவனத்தின் பத்தியைப் படித்துவிட்டு, கடன் குறைவு என்று முடிவுகட்டிவிடுவது உண்டு. வங்கிக் கடன்கள் துணை நிறுவனங்களின் பெயரிலும் இருக்கக்கூடும் என்பதால், கடன் சுமையை அளக்கக் குழுமத்தின் பத்தியையே படிக்க வேண்டும்.

இதைவிட ஆழமான தவறு, நடப்பு விகிதம் ஒன்றை மட்டும் நம்புவது. ஓராண்டுக்குள் பணமாகக்கூடிய நடப்புச் சொத்துகளை, ஓராண்டுக்குள் செலுத்த வேண்டிய நடப்புப் பொறுப்புகளால் வகுத்து, விடை 1க்கு மேல் இருந்தால் கவலையில்லை என்று பலர் கருதுகிறார்கள். கற்பனையான ஒரு கட்டுமான நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நடப்புச் சொத்துகள் 240 மில்லியன் வெள்ளி, நடப்புப் பொறுப்புகள் 180 மில்லியன் வெள்ளி. விகிதம் 1.33 என்று வருகிறது. பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது.

அந்த 240 மில்லியன் எவற்றால் ஆனது என்பதுதான் கேள்வி. ரொக்கம் 38 மில்லியன். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய தொகை 62 மில்லியன். வேலை முடிந்தும் இன்னும் பில் அனுப்பப்படாத பணிகளின் மதிப்பு 40 மில்லியன். சரக்கு 15 மில்லியன். மீதி 85 மில்லியன், விற்பனைக்கு ஒதுக்கப்பட்ட ஒரு கட்டடம். ரொக்கம் பற்றிய விளக்கக் குறிப்பைப் புரட்டினால், 38 மில்லியனில் 14 மில்லியன் வங்கி உத்தரவாதங்களுக்காக அடமானம் வைக்கப்பட்ட வைப்புத்தொகை என்று தெரிகிறது. ஆக, நிறுவனம் நினைத்த நேரத்தில் எடுத்துச் செலவிடக்கூடிய பணம் 24 மில்லியன் மட்டுமே. ஓராண்டுக்குள் திருப்பித்தர வேண்டிய வங்கிக் கடனோ 95 மில்லியன்.

இப்போது கட்டடத்துக்கு வருவோம். பன்னிரண்டு மாதங்களுக்குள் விற்றுவிட முடியும் என்று நிர்வாகம் உறுதியாக எதிர்பார்த்து, அதற்கான முயற்சியையும் தொடங்கியிருந்தால், நீண்டகாலச் சொத்தாக இருந்த ஒன்று நடப்புச் சொத்துகளின் பக்கம் நகர்ந்துவிடுகிறது. கணக்கியல் விதிப்படி அது சரியே. ஆனால் அந்த நகர்வினால் கையில் ஒரு வெள்ளியும் கூடவில்லை. கட்டடத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் 155ஐ 180ஆல் வகுக்க வேண்டும், விகிதம் 0.86ஆக இறங்கிவிடும். கடன்கள் பற்றிய குறிப்பு, 95 மில்லியனில் 60 மில்லியன் இதே கட்டடத்தின் மீது வாங்கிய கடன் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். கட்டடம் 85 மில்லியனுக்கு விற்றால் 60 மில்லியன் நேராக வங்கிக்குப் போகும். 25 மில்லியன் மிஞ்சும். மீதமுள்ள குறுகியகாலக் கடன் 35 மில்லியனை 49 மில்லியன் ரொக்கத்தைக் கொண்டு அடைத்துவிடலாம். விற்காவிட்டால் 24 மில்லியனை வைத்துக்கொண்டு 95 மில்லியன் கடனை எதிர்கொள்ள வேண்டும். இந்த நிறுவனத்தின் அடுத்த ஆண்டு முழுவதும் ஒரே ஒரு விற்பனையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. 1.33 என்ற எண் அதைச் சொல்லவே இல்லை.

இது ஏட்டளவிலான அச்சமன்று. நீர்ச் சுத்திகரிப்பு நிறுவனமான ஹைஃபிளக்ஸ், 2017ஆம் ஆண்டுக் கணக்கில் தன் துவாஸ்பிரிங் ஆலையை விற்பனைக்கு ஒதுக்கப்பட்ட சொத்தாகக் காட்டியது. எதிர்பார்த்த விற்பனை நடக்கவில்லை. 2018 மே மாதம் அந்நிறுவனம் தனக்குக் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. 2019இல் பொதுப் பயனீட்டுக் கழகம் அந்த ஆலையின் கடல்நீர்ச் சுத்திகரிப்புப் பகுதியை எடுத்துக்கொண்டபோது, அதற்காகக் கொடுக்கப்பட்ட விலை பூஜ்யம். ஏட்டில் உள்ள மதிப்பும் வாங்குபவர் தரும் விலையும் இந்த அளவுக்கு விலகக்கூடும்.

அதே நிறுவனம் மூன்றாவது தவறையும் விளக்குகிறது: ‘கடன்’ என்று தலைப்பிட்ட வரிகளை மட்டும் கூட்டுவது. ஹைஃபிளக்ஸ் விற்ற முன்னுரிமைப் பங்குகளிலும் நிரந்தரப் பத்திரங்களிலும் ஏறத்தாழ 34,000 சிறு முதலீட்டாளர்கள் சுமார் 900 மில்லியன் வெள்ளியைப் போட்டிருந்தார்கள். வாங்கியவர்களில் பலருக்கு அவை 6% வட்டி தரும் வைப்புத்தொகைபோலத் தோன்றின. இருப்புநிலைக் குறிப்பிலோ பங்குதாரர் மூலதனத்தின் பகுதியில் இடம்பெற்றிருந்தன. முதலைத் திருப்பித்தரக் கெடு இல்லை, ஆண்டுத் தொகையையும் தள்ளிப்போடலாம் என்பதால், இத்தகைய பத்திரங்களை மூலதனமாகக் காட்ட விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் குறிப்பிட்ட ஆண்டில் திரும்ப வாங்காவிட்டால் தரவேண்டிய விகிதம் உயரும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் உடன் இருக்கும். அதனால் நடைமுறையில் அது கடனைப் போலவே நிறுவனத்தை நெருக்கும்.

நம் கட்டுமான நிறுவனத்தில் குறுகியகாலக் கடன் 95, நீண்டகாலக் கடன் 125, 2019 முதல் கணக்கில் ஏற்றப்பட வேண்டிய குத்தகைப் பொறுப்பு 20, ஆக மொத்தம் 240 மில்லியன். பங்குதாரர் மூலதனம் 300 மில்லியன் என்பதால் கடன், மூலதனத்தின் 0.8 மடங்கு. அந்த 300இல் 80 மில்லியன் நிரந்தரப் பத்திரங்கள் என்றால் அதை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டும்: 320ஐ 220ஆல் வகுத்தால் 1.45 மடங்கு. ஒரே வரியை இடம் மாற்றியதற்கே இத்தனை வேறுபாடு. இவற்றுக்குத் தரும் ஆண்டுத் தொகை வட்டிச் செலவில் சேராது. மூலதன மாற்ற அறிக்கையில்தான் தெரியும். ஆகவே வட்டியை இலாபம் எத்தனை மடங்கு தாங்குகிறது என்று கணக்கிடுபவர்கள் அங்கேயும் பார்க்க வேண்டும்.

நீண்டகாலக் கடன் என்று எழுதியிருப்பதால் அது நீண்டகாலம் அப்படியே இருக்கும் என்று எண்ணுவதும் தவறே. நிகர மதிப்பு இவ்வளவுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளோடுதான் வங்கிகள் கடன் தருகின்றன. ஆண்டிறுதி நாளில் நிபந்தனை மீறப்பட்டிருந்து, அந்நாளுக்குள் வங்கி உரிய சலுகைக் காலம் அளிக்காவிட்டால், கடன் முழுவதும் நடப்புப் பொறுப்பாக மாறும். 2024 முதல், அடுத்த பன்னிரண்டு மாதங்களில் நிறைவேற்ற வேண்டிய இத்தகைய நிபந்தனைகளைப் பற்றியும் குறிப்பில் விளக்க வேண்டும் என்ற விதி நடப்பில் உள்ளது. முன்பு இதைத் தெரிந்துகொள்வது கடினம். இப்போது படிக்காமல் விடுவதற்குச் சாக்கு இல்லை.

இருப்புநிலைக் குறிப்பு ஒரே ஒரு நாளின் நிலையைத்தான் காட்டுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. டிசம்பர் இறுதியில் கடனைக் குறைத்துவிட்டு ஜனவரியில் மீண்டும் வாங்க முடியும். இதைச் சோதிக்க எளிய வழி, ஆண்டின் வட்டிச் செலவைக் குறிப்பில் கொடுத்திருக்கும் வட்டி விகிதத்தால் வகுப்பது. நம் நிறுவனம் 15 மில்லியன் வட்டி கொடுத்திருக்கிறது, விகிதம் சுமார் 5% என்றால், ஆண்டு முழுவதும் சராசரியாக 300 மில்லியன் கடன் இருந்திருக்க வேண்டும். ஆண்டிறுதியில் காட்டப்பட்டதோ 240. வட்டிச் செலவில் வங்கிக் கட்டணங்களும் கலந்திருக்கலாம், ஆண்டு நடுவில் கடன் உண்மையிலேயே அடைக்கப்பட்டிருக்கலாம். பணவரவு அறிக்கையில் வாங்கிய கடனையும் திருப்பித்தந்த கடனையும் பார்த்தால் ஓரளவு விளங்கும்.

இறுதியாகப் பார்க்க வேண்டியது, நிதி இடர்கள் பற்றிய குறிப்பில் இருக்கும் முதிர்வு அட்டவணை. ஓராண்டுக்குள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள், அதற்குப் பிறகு என்று செலுத்த வேண்டிய தொகைகள் அங்கே பிரிக்கப்பட்டிருக்கும். வருங்கால வட்டியும் சேர்வதால் அதன் கூட்டுத்தொகை இருப்புநிலைக் குறிப்பில் உள்ளதைவிடப் பெரிதாக இருக்கும், அது பிழையன்று. அதன் முதல் பத்தியை, அடமானமில்லாத ரொக்கத்தோடும், வங்கி உறுதியாக ஒதுக்கிவைத்து இன்னும் எடுக்கப்படாத கடன் வரம்போடும் ஒப்பிட வேண்டும். மூலதனமாகக் காட்டப்பட்ட நிரந்தரப் பத்திரங்களின் முதல் இந்த அட்டவணையில் வராது என்பதால், அவற்றைத் திரும்ப வாங்காவிட்டால் விகிதம் உயரும் ஆண்டைக் குறிப்பிலிருந்து எடுத்து, உரிய பத்தியில் நாமே பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும்.