பாப்கார்ன் கவுண்டரில் மீடியம் எதற்கு?

இடைவேளை விட்டதும் அக்காவும் தம்பியும் கவுண்டருக்கு வருகிறார்கள். மதியம் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டிருந்ததால், சும்மா கொறிக்க ஒரு ஸ்மால் போதும் என்று பேசிக்கொண்டேதான் வந்தார்கள். பலகையில் ஸ்மால் 150 ரூபாய், மீடியம் 270, லார்ஜ் 290.

"அக்கா, மீடியத்துக்கு மேல இருபது ரூபா போட்டா லார்ஜே கிடைக்குது பாரு!"

"அட ஆமாடா, அப்ப லார்ஜே வாங்கிடு."

படம் முடிந்து விளக்கு எரிந்தபோது பாதி டப்பா மிச்சம்.

தம்பியின் கழித்தல் சரிதான். எதிலிருந்து எதைக் கழித்தான் என்பதில்தான் தவறு. அவர்கள் மீடியம் வாங்க வரவே இல்லை. ஸ்மாலை விட்டு லார்ஜுக்குப் போனதால் கூடுதலாகக் கொடுத்தது 140 ரூபாய். மனதில் பதிந்ததோ 20 மட்டும். பலகையில் மீடியம் இல்லாதிருந்தால் 150-ஐயும் 290-ஐயும் நேருக்கு நேர் பார்த்திருப்பார்கள், பெரும்பாலும் ஸ்மாலோடு திரும்பியிருப்பார்கள். மீடியம் அதிகம் விற்காவிட்டாலும் கடைக்கு நஷ்டமில்லை. பக்கத்தில் இருக்கும் லார்ஜை மலிவாகக் காட்டுவதே அதன் வேலை. இதற்குத்தான் டிகாய் விளைவு என்று பெயர். ஜோயல் ஹூபர், ஜான் பெய்ன், கிறிஸ்டோபர் புட்டோ ஆகிய மூவரும் 1982-இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் காட்டினார்கள்: ஏற்கெனவே இருக்கும் இரண்டில் ஒன்றைவிட மட்டும் தெளிவாக மட்டமான மூன்றாவதைச் சேர்த்தால், அந்த ஒன்றை எடுப்பவர்கள் கூடுகிறார்கள்.

உஷாரானவர்களும் விழும் இடம் ஒன்று உண்டு: கிராம் கணக்கு. ஸ்மாலில் 60 கிராம், மீடியத்தில் 100, லார்ஜில் 140 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் முறையே 2.50, 2.70, சுமார் 2.07 ரூபாய். லார்ஜ்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் இருவரும் சாப்பிட்டது 70 கிராம்தான். அப்படிப் பார்த்தால் வாயில் போன ஒவ்வொரு கிராமுக்கும் நாலு ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. நாலு பேர் பகிர்ந்து காலி செய்தால் லார்ஜ் நல்ல பேரம்தான், அதில் சந்தேகமில்லை.

அதற்காக மூன்று அளவு கண்ட இடமெல்லாம் டிகாய் என்று நினைப்பதும் தவறு. 150, 220, 290 என்று சீராக ஏறும் பட்டியலில் பலர் நடுவில் இருப்பதையே எடுப்பார்கள். அது வேறு விளைவு. நடு விலை மேல் விலையை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்த வரியைக் கையால் மறைத்துவிட்டு, இப்போதும் லார்ஜ்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

இந்த விளைவு எல்லா இடத்திலும் ஒரே வலுவோடு வேலை செய்வதில்லை. வெறும் எண்களாகப் பார்க்கும்போதுதான் அது ஓங்குகிறது; பொருளைப் படமாகவோ நேரிலோ காட்டியபோது பெரும்பாலும் மங்கிவிட்டது என்று 2014-இல் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் கவுண்டரில் காலி டப்பாக்களை வரிசையாக அடுக்கியிருந்தால், விலைப் பலகையை விட்டுவிட்டு அவற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.